எச்பி 12.6, ஃபெரிட்டின் 142, எல்லாம் ‘நோர்மல்’. பிறகு அப்பாவுக்கு ஏன் இவ்வளவு களைப்பு?

நிலாவெளி_மகன் · 11.05.2025
அப்பாவுக்கு 66 வயது, 58 கிலோ. இரண்டு வருஷத்துக்கு முதல் ஹார்ட் அட்டாக் வந்தது. கடைசி எக்கோவில் இதயம் பம்ப் பண்ணும் அளவான ஈஎஃப் 32. பிசோப்ரொலோல், லொசாட்டன், ஸ்பைரோனொலக்டோன், காலையில் ஃப்ரூசமைட் 40, அதோடு அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். குளிசை ஒன்றும் தவறுவதில்லை. கால் வீக்கம் இல்லை, இரவில் நீட்டிப் படுக்கிறார், நிறையும் கூடவில்லை. ஆனால் கோணேசர் கோயில் ஏற்றத்தில் முந்தி ஒருக்கா நின்று போனவர் இப்ப நாலு இடத்தில் நிற்கிறார். குளித்துவிட்டு வந்தாலே கட்டிலில் இருந்து இளைக்கிறார். கிளினிக்கில் ஃப்ரூசமைட்டைக் கூட்டிப் பார்த்தார்கள், தலைச்சுற்று வந்ததுதான் மிச்சம். எச்பி 12.6, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 142. லாப் தாளில் ஃபெரிட்டினுக்கு 30 முதல் 400 வரை நோர்மல் என்று போட்டிருக்கு. இரும்புச் சத்து குறைவோ என்று கேட்டதற்கு ‘அது நல்லாத்தான் இருக்கு’ என்று பதில் வந்தது. வேறு எதைப் பார்க்கவேணும்?

கடற்கரை_வீதி · 11.05.2025
142 இருந்தால் இரும்பு தாராளம். எச்பியும் மோசமில்லை. இது இதயம் பம்ப் பண்ணாத களைப்பு, அவ்வளவுதான். முருங்கைக்கீரையும் ஈரலும் குடுங்கோ, மனத்திருப்திக்கு ஒரு அயன் குளிசையும் போடலாம், கெடுதல் இல்லை.

உவர்மலை · 11.05.2025
மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லாப் தாளில் உள்ள 30 என்ற கீழெல்லை வேறு நோயில்லாத ஆளுக்கானது. இதயச் செயலிழப்பு உடம்பில் ஒரு மெல்லிய அழற்சியை ஓயாமல் வைத்திருக்கும், அழற்சி ஃபெரிட்டினைச் சும்மாவே தூக்கிவிடும். அதனால் இந்த நோயாளிகளுக்கு அளவுகோலே வேறு. ஃபெரிட்டின் 100க்குக் கீழே என்றால் குறைபாடு. 100க்கும் 299க்கும் இடையில் என்றால் இரத்தத்தில் இரும்பைக் காவும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கு என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சச்சுரேஷனைப் பார்க்கவேணும், அது 20 வீதத்துக்குக் கீழே இருந்தாலும் குறைபாடுதான். உங்கள் அப்பா நிற்பது சரியாக அந்த இடைப்பகுதியில். ஆகவே 142 என்பது இன்னும் விடையில்லை, அடுத்த பரிசோதனைக்கான காரணம்.

அந்தச் சச்சுரேஷனைக் கணக்கிடச் சீரம் அயனும், அந்தப் புரதம் காவக்கூடிய முழு இரும்பான டிஐபிசியும் எழுதித் தரச் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் எடுப்பது நல்லது. முதல்நாள் அயன் குளிசை போட்டிருந்தால் சீரம் அயன் பொய்யாக ஏறி நிற்கும், அதனால் ‘மனத்திருப்திக்கு’ ஒன்றும் போடவேண்டாம்.

தம்பலகாமம்_பாமசி · 12.05.2025
ஃபெரிட்டின் இருந்தும் இரும்பு இல்லையா என்று கடையிலும் கேட்கிறார்கள். கூட்டுறவுக் கடைக் களஞ்சியத்தில் அரிசி மூட்டை அடுக்கிக் கிடக்குது, திறப்பு மனேஜரிட்ட, மனேஜர் லீவு. சனம் வரிசையில் பட்டினி. ஃபெரிட்டின் எண்ணுவது மூட்டையை, சச்சுரேஷன் எண்ணுவது லொறியில் ஏறினதை.

உவர்மலை · 12.05.2025
மனேஜரின் பெயர் ஹெப்சிடின். ஈரல் சுரக்கும் ஹோர்மோன். அழற்சியில் அது கூடும், கூடினால் குடல் கலத்திலும் களஞ்சியக் கலத்திலும் இரும்பு வெளியே வரும் ஒரே வாசலை மூடிவிடும். அதனால் சாப்பிட்ட இரும்பும் உள்ளே வராது, சேர்த்து வைத்ததும் வெளியே போகாது.

கிண்ணியா_உம்மு · 14.05.2025
எங்கட உம்மாவுக்கும் இதே கதைதான், அதான் எழுதுறன். 61 வயசு, ஹார்ட் வீக் என்று சொல்லியிருக்கு. எச்பி 10.8, எம்சிவி 64. அயன் குளிசை நாலு வருஷமா முழுங்குறா, ஏறவே இல்ல. அப்ப உம்மாவுக்கும் சேலைன்ல இரும்பு ஏத்தச் சொல்லிக் கேக்கலாம்தானே?

உவர்மலை · 14.05.2025
சகோதரி, இப்போதைக்குக் கேட்கவேண்டாம். முதலில் ஃபெரிட்டினும் சச்சுரேஷனும் எடுங்கள், பழைய தாளில் சிவப்பணு எண்ணிக்கை எவ்வளவு என்றும் பாருங்கள். எச்பி கொஞ்சம்தான் குறைவு, சிவப்பணுவின் பருமனான எம்சிவி இவ்வளவு சின்னது, வருஷக்கணக்காக இரும்புக்கு அசையவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவியா என்ற கேள்வி முதலில் வரவேணும். இலங்கையில் அது அரிதில்லை. எம்சிவியை மட்டும் பார்த்து இரும்பு கொடுப்பது பெரிய தவறு.

நிலாவெளி_மகன் · 19.05.2025
ரிப்போர்ட் வந்தது. சீரம் அயன் 38, டிஐபிசி 340. சச்சுரேஷன் என்று தனியாக ஒன்றும் போடவில்லை.

உவர்மலை · 19.05.2025
நீங்களே கணக்குப் பார்க்கலாம். சீரம் அயனை டிஐபிசியால் பிரித்து நூறால் பெருக்க:

38 ÷ 340 × 100 = 11.2

11 வீதம். இருபதுக்கு வெகு கீழே. ஃபெரிட்டின் 142 ஆக இருந்தும் அப்பாவுக்கு இரும்புக் குறைபாடு இருக்கு. ஈஎஃப் 32, மருந்துகள் ஒழுங்கு, நீர்கட்டு இல்லை, இருந்தும் களைப்பு. நாளத்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றிக் கிளினிக்கில் கதைக்கவேண்டிய ஆள் இவர்தான். நாள்பட்ட இதயச் செயலிழப்பில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்தக் குறைபாடு இருக்கு. தேடாததால் தெரிவதில்லை.

கடற்கரை_வீதி · 19.05.2025
சரி, 11 என்பது குறைவுதான். ஆனால் எச்பி 12.6 இருக்கே. ஒக்சிசனைக் கொண்டுபோவது எச்பி. அது ஓரளவு இருக்கும்போது இளைப்பு எப்படி இரும்பால் வரும்? லொஜிக் எனக்குப் பிடிபடவில்லை.

உவர்மலை · 20.05.2025
நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேணும். ஒக்சிசனைத் தசைவரை கொண்டுபோவது ஒரு வேலை. தசைக்குள் அதை எரித்துச் சக்தியாக்குவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் இரும்பு வேணும். மைற்றோகொண்டிரியாவில் சக்தி உண்டாக்கும் சங்கிலியின் பல கண்ணிகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகள் உட்கார்ந்திருக்கு, சைட்டோகுரோம்களின் நடுவிலும் இரும்புதான். தசையில் ஒக்சிசனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினிலும் இரும்பு. இரும்பு தட்டுப்பாடாகும்போது எச்பி கடைசியில்தான் இறங்கும். அதற்கு முன்னரே தசை பட்டினி. ஆகவே எச்பி நன்றாக இருந்தும் ஆள் களைக்கலாம்.

இனி இளைப்புக்கு வருவோம். இந்தத் தசையால் ஒக்சிசனைச் சரியாகப் பயன்படுத்த முடியாததால், கொஞ்சம் நடந்தவுடனேயே ஒக்சிசன் இல்லாத வழியில் சக்தி தேடத் தொடங்கும். தசையின் அவசரச் சக்திச் சேமிப்பான பொஸ்போகிரியேட்டின் சீக்கிரம் கரையும், அமிலம் சேரும். தொடைத் தசையில் உள்ள நரம்புகள் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, மூளை ‘மூச்சைக் கூட்டு’ என்று கட்டளை போடும். நுரையீரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே ஆள் இளைக்கிறார். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதானே, அதுவும் இதே பட்டினியில் இருக்கு. அதனால்தான் ஃப்ரூசமைட்டைக் கூட்டியும் உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வடிக்கத் தண்ணீர் இருக்கவில்லை.

இது ஊகம் மட்டுமில்லை. 2019இல் வந்த ஒரு சின்ன ஆய்வில் 40 பேர். நாளத்தால் ஒரே தடவை இரும்பு கொடுத்து, எம்ஆர் இயந்திரத்தில் காலை வைத்து அளந்தார்கள். இரண்டே கிழமையில், உடற்பயிற்சிக்குப் பிறகு பொஸ்போகிரியேட்டின் திரும்பச் சேரும் வேகம் கூடியிருந்தது.

மூதூர்_வாசகன் · 20.05.2025
இதயத் தசையும் தசைதானே? அப்ப ஈஎஃப் ஏறுமா?

உவர்மலை · 20.05.2025
கொஞ்சம் ஏறினதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. அதை எதிர்பார்த்துக் கொடுப்பதில்லை. நடை, மூச்சு, அன்றாட வேலை, இவைதான் எதிர்பார்ப்பு.

நிலாவெளி_மகன் · 21.05.2025
கிளினிக்கில் காட்டினேன். வேறு டொக்டர் இருந்தார், கணக்கைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ‘முதலில் மூன்று மாதம் குளிசை போட்டுப் பார்க்கலாமா’ என்றும் கேட்டார். அப்பாவுக்கு ஊசியென்றால் பயம், அவர் குளிசை பக்கம். உங்கட கருத்து?

கடற்கரை_வீதி · 21.05.2025
இதில் என் கட்சி மாறவில்லை. ஃபெரஸ் சல்ஃபேட் மலிவு, வீட்டில் இருந்தே போடலாம். தேத்தண்ணியோடு போடாமல், தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் போதும்.

உவர்மலை · 21.05.2025
இரும்புக் குறைந்த கர்ப்பிணிக்கு அது சரி. இங்கே வாசல் மூடியிருக்கு என்று மேலே சொன்னேனே. 2017இல் வெளியான அயன்-அவுட் ஆய்வில் இதைத்தான் நேரடியாகப் பார்த்தார்கள். ஈஎஃப் குறைந்த 225 பேர், வாயால் இரும்பு 150 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, 16 கிழமை. ஒக்சிசன் பயன்பாடும் மாறவில்லை, ஆறு நிமிட நடையும் மாறவில்லை. சிலருக்கு இரும்பு கொஞ்சம் ஏறினது உண்மை, ஹெப்சிடின் கூடியவர்களுக்கு அதுவும் குறைவு. மூன்று மாதம் குளிசையில் போனால் அந்த மூன்று மாதமும் அவர் ஏற்றத்தில் நாலு இடத்தில் நிற்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அயன் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும். அப்பா அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துப் போடுகிறார். வயிற்றில் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்புத்தான். குளிசை போட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடும். நாளத்தால் கொடுக்கும் இரும்பு மலத்தைக் கறுப்பாக்காது. இரும்பு எங்கே போனது என்ற கேள்வியையும் விடவேண்டாம், மலத்தில் மறைந்த இரத்தம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். 66 வயது ஆணுக்கு ‘ஹார்ட் பேஷன்ட்தானே’ என்று அதை மூடி வைக்கக்கூடாது.

பழைய_வார்ட்_தாதி · 22.05.2025
தம்பி, ஊசிப் பயத்துக்கு அப்பாவிடம் சொல்லுங்கோ: ஒரு கனூலா, அவ்வளவுதான். எந்த இரும்பு கிடைக்குது என்பதைப் பொறுத்து வருகை மாறும். ஃபெரிக் காபொக்சிமோல்டோஸ் கிடைத்தால் எச்பி 10க்கும் 14க்கும் இடையில், 70 கிலோவுக்குக் கீழே என்ற கணக்கில் அப்பாவுக்கு மொத்தம் 1000 மில்லிகிராம். ஒரு தடவைக்கு நிறையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 58 கிலோவுக்கு அது 1160. ஆகவே ஒரே இருப்பில் 1000 முடிக்கலாம், குறைந்தது 15 நிமிஷம். நோர்மல் சேலைன் 250 மில்லிலீட்டருக்கு மேல் கலக்கக்கூடாது. கூடத் தண்ணியாக்கினால் மருந்து கலையும். டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது.

அயன் சுக்ரோஸ்தான் இருக்கு என்றால் ஒருக்கால் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் அம்பியூல் இரண்டு. 100 மில்லிலீட்டர் சேலைனில் அரை மணித்தியாலம். கிழமைக்கு மூன்று தடவைக்கு மேல் இல்லை. ஐந்து வருகையில் 1000.

கடற்கரை_வீதி · 22.05.2025
ஹார்ட் வீக்கான ஆளுக்குச் சேலைன் ஏற்றுவதா? தண்ணி கட்டாதா?

பழைய_வார்ட்_தாதி · 22.05.2025
100 மில்லி என்பது அரை டம்ளர். அதில் உப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. அதற்காக ஃப்ரூசமைட்டை அன்றைக்கு நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கால் வீங்கி, படுக்க முடியாமல் வருகிற ஆள் என்றால் கதை வேறு, முதலில் தண்ணியை வடிக்கவேணும், இரும்பு பிறகு.

தம்பலகாமம்_பாமசி · 23.05.2025
மொத்தம் எவ்வளவு இரும்பு வேணும் என்று பார்க்கும் கான்சோனி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை என்றாலும்.

58 × (15 − 12.6) × 2.4 + 500 = 834

ஆக 834 மில்லிகிராம். 1000 கூடுதலோ?

உவர்மலை · 23.05.2025
அந்தச் சூத்திரம் எச்பியை 15க்குக் கொண்டுபோகவும் 500ஐக் களஞ்சியத்தில் வைக்கவும் போட்டது. ஆய்வுகளில் பிறகு நிறையும் எச்பியும் வைத்த எளிய அட்டவணைதான் நின்றது. 834க்கும் 1000க்கும் உள்ள வித்தியாசம் பாதகமில்லை. எச்பி 15ஐத் தாண்டிய ஆளுக்கு மட்டும் கொடுப்பதில்லை.

நிலாவெளி_மகன் · 28.05.2025
அயன் சுக்ரோஸ்தான் கிடைத்தது. முதல் நாள் போனோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குக் கால் பெருவிரல் பக்கம் புண், சிவந்து காய்ச்சல் 38.4. ‘அன்ரிபயோடிக் முடிச்சு வாங்கோ’ என்றார்கள். அலைச்சல். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பழைய_வார்ட்_தாதி · 28.05.2025
சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். கிருமிக்கும் இரும்பு வேணும். இரத்தத்தில் கிருமி ஏறின நேரத்தில் இரும்பை ஊற்றுவது அதற்குச் சாப்பாடு போடுவது. காய்ச்சல் அடங்கி, புண் ஆறி வரட்டும். கோபம் வரும்தான், பஸ்காசும் போகுது.

கிண்ணியா_உம்மு · 02.06.2025
உம்மாட ரிப்போர்ட் வந்துட்டு. ஃபெரிட்டின் 612, நீங்க சொன்ன மாதிரிப் பிரிச்சுப் பாத்தா 41 வருது. சிவப்பணு எண்ணிக்கையும் கூட. அப்ப இரும்பு குறைவில்லயா? நாலு வருஷமாக் குடிச்சது எல்லாம்?

உவர்மலை · 02.06.2025
குறைவில்லை. அயன் குளிசையை நிறுத்துவது பற்றி எழுதித் தந்த டொக்டரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டிக் கதையுங்கள், ஹீமோகுளோபின் எலக்ட்ரோபொரேசிஸ் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காவி என்று வந்தால் உங்களுக்கும் உடன்பிறப்புகளுக்கும் அதே சோதனை வேணும், கலியாணம் பேசுகிற பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். உம்மாவின் இளைப்புக்குக் காரணம் எக்கோவில்தான் தேடவேணும், இந்த இழையில் இல்லை.

நிலாவெளி_மகன் · 13.06.2025
10ஆம் திகதி முதல் டோஸ் போனது, ஒன்றும் இல்லை, வாயில் செம்புக்காசு சப்பின மாதிரி இருக்கு என்றார். இன்றைக்கு இரண்டாவது. தொடங்கி நாலைந்து நிமிஷத்தில் முகம் சிவந்து, முதுகும் நெஞ்சும் இறுக்குது என்று பயந்துவிட்டார். நானும்தான். தாதி உடனே நிறுத்தினார். பிரஷர் 118க்கு 70, மூச்சில் விசில் இல்லை, உதடு வீங்கவில்லை, ஒக்சிசன் 97. பதினைந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பாதி வேகத்தில் திரும்ப ஓடவிட்டார்கள், மிச்சம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் ‘அலர்ஜி, இனிப் போடாதீங்க’ என்கிறார். மூன்றாவது போடலாமா?

பழைய_வார்ட்_தாதி · 13.06.2025
அந்தத் தாதிக்கு ஒரு கும்பிடு. பதற்றத்தில் பிரிட்டோன் என்ற அலர்ஜி ஊசியைப் போட்டிருந்தால் பிரஷர் விழுந்து, இதயம் படபடத்து, அதைப் பார்த்து எல்லோரும் அலர்ஜி என்று எழுதியிருப்பார்கள்.

இதற்குப் பெயர் ஃபிஷ்பேன் எதிர்வினை. முகம் சிவக்கும், நெஞ்சும் முதுகும் இறுக்கும், பிரஷர் விழாது, நிறுத்தினால் தானாக அடங்கும். வேகமாக ஓடினால் கூட வரும். உண்மையான அலர்ஜி வேறு மாதிரி: பிரஷர் விழும், மூச்சில் விசில், தொண்டை அடைப்பு, உதடு நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு. அதற்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில், நேரம் கடத்தாமல். அந்த ஆளுக்குத் திரும்ப இரும்பு தொடக்கூடாது. அப்பாவுக்கு அது ஒன்றும் வரவில்லை. மூன்றாவது டோஸில் முதலிலேயே மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கோ, முடிந்த பிறகு 30 நிமிஷம் இருக்கவேணும், சாப்பாட்டு நேரமென்று எழும்பி ஓடக்கூடாது.

அதைவிட நான் கவனிக்கச் சொல்வது கனூலா. ஓடும்போது கை எரியுது, வீங்குது என்றால் உடனே சொல்லவேணும். இரும்பு நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோலில் கபிலக் கறை பிடிக்கும், மாதக்கணக்கில் போகாது, சிலருக்குப் போகவே போகாது. புதுக் கனூலா, முன்கையில் நல்ல நாளம், முதலில் சேலைனால் கழுவிப் பார்த்துத் தொடங்கவேணும்.

மூதூர்_வாசகன் · 17.06.2025
இந்த விஷயத்தை வாசித்துக்கொண்டு போனேன். ஆய்வுகள் எல்லாம் உங்கள் பக்கம் இல்லையே. 2023இல் ஹார்ட்-ஃபிட் 3065 பேர், எதிர்பார்த்த அளவைத் தொடவில்லை. 2025இல் ஃபெயார்-எச்எஃப்2, அதுவும் முதன்மை முடிவுகளில் எட்டவில்லை. ஆக இது விலை கூடின தேத்தண்ணியா?

உவர்மலை · 18.06.2025
ஆய்வு என்ன கேட்டது என்று பார்க்கவேணும். நீங்கள் சொன்ன இரண்டும் முதன்மையாகக் கேட்டது சாவு குறைகிறதா, வைத்தியசாலையில் கிடப்பது குறைகிறதா என்று; ஹார்ட்-ஃபிட் மட்டும் ஆறு நிமிட நடையையும் சேர்த்துப் பார்த்தது. சாவு குறைகிறது என்று ஒருவரும் இதுவரை உறுதியாகக் காட்டவில்லை, அதை நான் மறைக்கவில்லை. கிடப்பது பற்றி 2020இல் வந்த அஃபர்ம் ஆய்வில், இதயச் செயலிழப்புக்குத் திரும்பச் சேர்ந்த தடவைகள் இரும்புக் குழுவில் 217, மற்றதில் 294. ஆனால் சாவையும் சேர்த்த முதன்மை முடிவு அங்கேயும் மயிரிழையில் தவறியது.

இந்த அப்பாவின் கேள்வி ஏற்றத்தில் எத்தனை இடத்தில் நிற்பது என்பது. அதற்கு 2009இன் ஃபெயார்-எச்எஃப் இருக்கு: 459 பேர், 24 கிழமையில் ‘நன்றாக அல்லது ஓரளவு நல்லாயிருக்கு’ என்றவர்கள் இரும்புக் குழுவில் 50 வீதம், மற்றதில் 28. ஆறு நிமிட நடையில் வித்தியாசம் சுமார் 35 மீற்றர்.

மூதூர்_வாசகன் · 18.06.2025
50 வீதம் என்றால் மற்ற 50க்கு ஒன்றும் தெரியவில்லை. 35 மீற்றர் என்பது என் வாசலில் இருந்து சந்திக் கடை.

உவர்மலை · 18.06.2025
உண்மை. அந்தக் கடைக்கு நிற்காமல் போய்வருவதுதான் அவருக்குத் தேவை. இன்னொரு குழப்பத்தையும் சொல்லவேணும். பழைய அளவுகோலில் ஃபெரிட்டின் 100க்குக் கீழே என்ற ஒரே காரணத்தால் சேர்த்துக்கொண்டவர்களில், சச்சுரேஷன் நன்றாக இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பலன் குறைவு என்று தோன்றுகிறது. சச்சுரேஷனை மட்டும் வைத்தே தெரிவு செய்யலாமா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கு. எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு, ஆனால் வழிகாட்டிகள் இன்னும் இரண்டையும் வைத்திருக்கின்றன. ஈஎஃப் 50க்கு மேலே உள்ளவர்களுக்குச் சான்று இன்னும் மெலிவு.

கடற்கரை_வீதி · 19.06.2025
சச்சுரேஷன் என்றால் 11 எடுத்தவர் கட்டாயம் தேறுவார் போல. சரி, குளிசைக் கட்சியைக் கலைக்கிறேன். முருங்கைக்கீரைக் கட்சி தொடரும்.

நிலாவெளி_மகன் · 08.07.2025
ஐந்தும் போன மாதம் 24ஆம் திகதி முடிந்தது. இரண்டு கிழமை ஆச்சு. அப்பா ‘ஒன்றும் இல்லை, ஐந்து ஊசிக்கும் கை நோவு மட்டும் மிச்சம்’ என்கிறார். ஃபெரிட்டின் எடுத்துப் பார்க்கலாமா, இரும்பு ஏறினதா என்று?

உவர்மலை · 08.07.2025
இப்ப எடுக்கவேண்டாம். ஏற்றின கையோடு நாலு கிழமைக்குள் எடுத்தால் ஃபெரிட்டின் வானத்தில் நிற்கும், அதைப் பார்த்து ஒருவர் ‘இரும்பு கூடிப்போச்சு’ என்று பயமுறுத்துவார். மூன்று மாதத்தில் எச்பி, ஃபெரிட்டின், சீரம் அயன், டிஐபிசி நாலையும் சேர்த்து எடுங்கள்.

அதற்கு முதல் நடையை அளந்து எழுதுங்கள். உள்துறைமுக வீதி மட்டமானது. மணிக்கூட்டைப் பார்த்து ஆறு நிமிஷம், அவர் வேகத்தில், நின்றால் நிற்கட்டும், மணிக்கூடு நிற்கக்கூடாது. எவ்வளவு தூரம், எத்தனை தரம் நின்றார் என்று குறியுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், கிழமைக்கு ஒருக்கால். வாயால் கேட்டால் அப்பாமார் எப்பவும் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்வார்கள்.

நிலாவெளி_மகன் · 10.08.2025
நடைக் கணக்கு. ஜூலை நடுப்பகுதியில் 270 மீற்றர், இரண்டு தரம் நின்றார். இன்றைக்கு 325, நிற்கவில்லை. குளித்துவிட்டு இளைப்பது குறைந்திருக்கு, அம்மாதான் சொன்னா. கோயில் ஏற்றத்தில் இப்பவும் இரண்டு இடம். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் முந்தி மாதிரி இல்லை. ஏற்ற முதல் அளக்காதது இப்பதான் மனவருத்தம்.

மலத்தில் மறைந்த இரத்தம் இருக்கு என்று வந்திருக்கு. எண்டோஸ்கோப்பிக்கு எழுதியிருக்கினம், திகதி கிடைக்கவில்லை. குளோபிடோக்ரெலை நிறுத்துவதா என்று ஹார்ட் கிளினிக் ஒன்று சொல்லுது, வயிற்று டொக்டர் ஒன்று சொல்லுறார்.

உவர்மலை · 10.08.2025
அதை நீங்களாக நிறுத்தவேண்டாம். ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்தத் திகதியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரையும் ஒரே தாளில் எழுத வையுங்கள். கசிவு தொடர்ந்தால் இப்ப ஏற்றின 1000உம் வெளியே போகும், பிறகு திரும்ப ஏற்றவேண்டி வரும்.

தம்பலகாமம்_பாமசி · 11.08.2025
ஓமெப்ரசோல் போடுறாரா? குளோபிடோக்ரெலோடு அது ஒத்துப்போகாது, பன்டோப்ரசோல் கேளுங்கோ. அமிலம் குறைந்தால் சாப்பாட்டு இரும்பும் குறைவாகத்தான் உறிஞ்சும், ஆனால் வயிறு கசியும் ஆளுக்கு அந்தக் கணக்குப் பார்க்கேலாது.

நிலாவெளி_மகன் · 26.09.2025
மூன்று மாதம். எச்பி 13.4, ஃபெரிட்டின் 296, சீரம் அயன் 70, டிஐபிசி 290. பிரித்துப் பார்த்தேன், 24. எண்டோஸ்கோப்பி அடுத்த மாதம். அடுத்த டோஸ் எப்ப?

உவர்மலை · 26.09.2025
இப்ப இல்லை. 20ஐத் தாண்டி நிற்கிறார். இன்னும் மூன்று, நாலு மாதத்தில் திரும்ப நாலையும் எடுங்கள், சச்சுரேஷன் 20க்குக் கீழே வந்தால் அன்றைய எச்பியையும் நிறையையும் வைத்துக் கணக்குப் போடலாம். அதற்கு முதல் மலம் கறுத்தால், அல்லது நடைத் தூரம் இரண்டு கிழமை தொடர்ந்து இறங்கினால், திகதி பார்க்காமல் போங்கள்.

கிண்ணியா_உம்மு · 27.09.2025
உம்மா காவிதான். தம்பிக்கும் இருக்கு. பொண்ணு பார்த்த இடத்துல இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேக்கிறது எப்பிடி என்று யாராச்சும் சொல்லுங்க.

பழைய_வார்ட்_தாதி · 27.09.2025
அதைப் புது இழையில் எழுதுங்கோ மகள், நான் வாறன்.